ஸ்கிரீன் முன்னால் உட்கார முடியாதவரின் ஒரு பக்க டிரேடிங் விதிகள்

டிரேடிங் விதிகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படி எழுதப்படும் விதிகளில் பெரும்பாலானவை காலையிலிருந்து மாலை வரை சார்ட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பவருக்கானவை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் அதே விதிகளை எடுத்து, கொஞ்சம் சுருக்கி, ஒரு பக்கத்தில் அழகாக எழுதி ஒட்டிக்கொள்கிறார். பிறகு அவற்றைப் பின்பற்ற முடியாதபோது தனக்குக் கட்டுப்பாடு போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறார். கட்டுப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு என்பது என் எண்ணம். அந்த விதி செயல்பட வேண்டிய நேரத்தில் அவர் வேறு இடத்தில் இருக்கிறார், அவ்வளவுதான்.

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் தன்னுடைய பக்கத்தைக் காட்டினார். முதல் பதினைந்து நிமிட கேண்டிலின் உச்சியைத் தாண்டினால் வாங்க வேண்டும், வால்யூம் உறுதி செய்தால் மட்டுமே வாங்க வேண்டும், சந்தை பலவீனமாகத் தெரிந்தால் பாதியை விற்றுவிட வேண்டும், ஒரு டிரேடில் அரை சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது, உணர்ச்சிவசப்படக் கூடாது. இப்படிப் போயிற்று. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் தப்பில்லை. "சந்தை திறக்கிற நேரத்துல நீங்க எங்க இருப்பீங்க?" என்று கேட்டேன். "மீட்டிங்லதான். போனை மேசைக்குக் கீழ வைச்சுப் பார்த்துக்குவேன்" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். ஆனால் அதற்கப்புறம் ஒரு பென்சிலை எடுத்து, சந்தை நேரத்தில் கண்ணால் பார்த்தால்தான் நிறைவேறும் என்ற விதிகளை எல்லாம் அடித்துப் பார்த்தோம். பிறகு, பின்பற்றினாரா இல்லையா என்று மூன்றாவது ஆள் சரிபார்க்க முடியாத விதிகளையும் அடித்தோம். "பலவீனமாகத் தெரிந்தால்" போனது, "உணர்ச்சிவசப்படக் கூடாது" போனது. மிஞ்சியது அரை சதவீதம் என்ற ஒரே ஒரு வரி. அதுவும் எப்படி என்று சொல்லாமல், ஒரு விருப்பமாகத்தான் அங்கே நின்றது.

இரண்டாவது வகை அடித்தல் பற்றி ஒரு வார்த்தை. 1983-இல் ரிச்சர்ட் டென்னிஸ், வில்லியம் எக்கார்ட் என்ற இரண்டு அமெரிக்க டிரேடர்கள் டிரேடிங்கைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று தங்களுக்குள் வாதிட்டு, அதைச் சோதிக்க ஆட்களைத் தேர்ந்தெடுத்து, சுமார் இரண்டு வாரம் பயிற்சி கொடுத்து, பணத்தையும் கொடுத்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். டர்டில்ஸ் என்று அவர்களைச் சொல்வார்கள். அந்தக் கதையில் எல்லோரும் லாபத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு. இருபது நாள் உச்சியைத் தாண்டினால் வாங்கு, இவ்வளவு எண்ணிக்கை வாங்கு, விலை இந்த இடத்துக்கு விழுந்தால் விற்றுவிடும் ஸ்டாப் என்று அவர்களுடைய விதிகள் முழுமையாக இருந்தன. எதை, எவ்வளவு, எங்கே நுழைந்து, எங்கே வெளியேறுவது என்ற கேள்விகளுக்கு ஒரே சார்ட்டைப் பார்க்கும் இரண்டு பேருக்கு ஒரே பதில் வர வேண்டும். பகுதி நேரக்காரருக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் அவருக்குப் பதிலாக ஆர்டரை நிறைவேற்றப் போவது புரோக்கரின் கணினி. அதற்கு "பலவீனமாகத் தெரிவது" தெரியாது.

முதல் வரி நேரம்

அதனால் பக்கத்தின் முதல் வரியில் சந்தையைப் பற்றி எதுவும் இருக்கக் கூடாது, என் நேரத்தைப் பற்றி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சந்தை மூடிய பிறகு இரவில் அரை மணி நேரம், மதியம் ஐந்து நிமிடம். இரவில் முடிவெடுப்பது, ஆர்டர் போடுவது. மதியம் சரிபார்ப்பது மட்டும், முடிவு எதுவும் கிடையாது. இந்த இரண்டு ஜன்னல்களுக்கு வெளியே நிறைவேற வேண்டிய எந்த வேலையும் ஆர்டராகவே முன்கூட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார வைக்க முடியாததைப் பக்கத்தில் எழுதக் கூடாது.

இந்த ஒரு வரியே பாதி விஷயங்களைத் தீர்த்துவிடுகிறது. ஐந்து நிமிட சார்ட் போய்விடும், நாள் சார்ட் மட்டும் மிஞ்சும். ஒரே நாளில் வாங்கி விற்பது போய்விடும், சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை வைத்திருப்பது மிஞ்சும். டிரேடுகளின் எண்ணிக்கையும் தானாகக் குறையும். அது நஷ்டமில்லை. பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் இருவரும் அமெரிக்காவில் ஒரு டிஸ்கவுண்ட் புரோக்கரிடம் கணக்கு வைத்திருந்த 66,465 குடும்பங்களின் 1991 முதல் 1996 வரையிலான கணக்குகளை ஆராய்ந்து 2000-இல் வெளியிட்டார்கள். அதிகமாக வாங்கி விற்றவர்களின் ஆண்டு வருமானம் 11.4 சதவீதம், அதே காலத்தில் சந்தை தந்தது 17.9 சதவீதம். இடைவெளியின் பெரும்பகுதி கமிஷனிலும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்திலும் கரைந்தது. இன்றைக்குக் கமிஷன் குறைந்திருக்கலாம், ஆனால் மேசைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு போடும் ஆர்டரின் தரம் கூடியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

நேரத்துக்கு அடுத்தபடியாக ஒரு வரி, பலரும் எழுத மறப்பது: வேலை தரும் நிறுவனத்தின் விதி. வங்கி, ஆடிட், முதலீட்டுத் துறைகளில் இருப்பவர்கள் வாங்குவதற்கு முன்பே அனுமதி பெற வேண்டியிருக்கலாம். சில இடங்களில் வாங்கியதைக் குறைந்தது இத்தனை நாள் விற்கக் கூடாது என்றும் இருக்கும். முப்பது நாள் விற்க முடியாது என்றால் ஸ்டாப் லாஸ் என்ற ஒன்றே அந்த முப்பது நாளும் இல்லை என்று பொருள். அப்படி ஒரு கட்டுப்பாட்டில் இருப்பவர் இந்த மாதிரி டிரேடிங்கை விட்டுவிட்டு நீண்ட கால முதலீட்டோடு நிறுத்திக்கொள்வதே சரி. தன் சொந்த நிறுவனத்தின் பங்கைத் தொடவே கூடாது என்பதையும் அதே வரியில் எழுதிவிடலாம்.

ஒரு ஆர்டர், முழுதாக

விதிகளை அருவமாகப் பேசினால் எல்லாமே சரியாகத் தோன்றும். ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம். டிரேடிங்குக்குப் போட்டிருக்கும் மொத்த முதல் 5,00,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிரேடில் ரிஸ்க் அரை சதவீதம், அதாவது 2,500. தேர்வு விதி எளிமையானது: இன்றைய முடிவு விலை 50 நாள் சராசரிக்கு மேலே இருக்க வேண்டும், கடந்த 20 நாட்களின் முடிவு விலைகளிலேயே இன்றையது அதிகமாக இருக்க வேண்டும். இதைவிட நல்ல தேர்வு விதி உங்களிடம் இருக்கலாம். அதைப் போட்டுக்கொள்ளுங்கள், மீதி அப்படியே பொருந்தும். சந்தை மூடிய பின் இவை இரண்டையும் எந்த ஸ்கேனரும் ஒரு நிமிடத்தில் தந்துவிடும்.

இன்று அந்தப் பங்கு 409-இல் முடிந்தது, இன்றைய உச்சம் 411.50. ஏடிஆர் 9. ஏடிஆர் என்பது ஒரு நாளில் விலை சராசரியாக எவ்வளவு அலைகிறது என்ற அளவு, 1978-இல் வெல்லஸ் வைல்டர் தந்தது. இதில் நேற்றைய முடிவு விலைக்கும் இன்றைய உச்ச, தாழ்வு விலைகளுக்கும் உள்ள தூரமும் சேரும், ஆகவே இரவில் நடக்கும் தாவல்களும் கணக்கில் வரும். சந்தை நேரத்தில் இல்லாதவருக்கு வெறும் உச்சம் கழித்தல் தாழ்வு என்ற அளவைவிட இது பொருத்தமானது.

இரவில் போடும் ஆர்டர் இது. விலை 412-ஐத் தொட்டால் வாங்கு, ஆனால் 416.50-க்கு மேல் கொடுக்காதே. ஆர்டரை எழுப்பும் விலையான டிரிகர் இன்றைய உச்சத்துக்குச் சற்று மேலே, கொடுக்கத் தயாரான அதிகபட்ச விலையான லிமிட் அதிலிருந்து அரை ஏடிஆர் மேலே. காலையில் பங்கு 425-இல் திறந்தால் ஆர்டர் நிறைவேறாமல் கிடக்கும், நாள் முடிவில் காலாவதியாகும். நடுவில் விலை 416.50-க்குத் திரும்பி வந்தால் மட்டும் வாங்கும். இதில் வருத்தப்பட எதுவுமில்லை, துரத்திக்கொண்டு ஓடுவதற்குத்தான் நாம் அங்கே இல்லையே. ஸ்டாப் லாஸ் டிரிகரிலிருந்து இரண்டு ஏடிஆர் கீழே, 394.

எத்தனை பங்கு என்ற இடத்தில்தான் பலருடைய பக்கம் மௌனமாகிவிடுகிறது. கணக்கு இது:

```
எண்ணிக்கை = ரிஸ்க் தொகை ÷ (லிமிட் விலை − ஸ்டாப் விலை)
111 ≈ 2500 ÷ (416.50 − 394)
```

வகுத்தலில் டிரிகர் விலையைப் போடாமல் லிமிட் விலையைப் போட்டிருப்பதைக் கவனியுங்கள். 412-ஐப் போட்டால் 138 பங்கு வரும். ஆனால் ஆர்டர் எந்த விலையில் நிறைவேறும் என்று இரவில் தெரியாது, காலையில் எண்ணிக்கையைத் திருத்தவும் நாம் இருக்க மாட்டோம். ஆகவே மோசமான விலையில் நிறைவேறினாலும் ரிஸ்க் 2,500-ஐத் தாண்டாதபடி எண்ணிக்கையை முதலிலேயே குறைத்துவிடுகிறோம். சரி, மறுநாள் 412.80-க்கு 111 பங்கு கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான ரிஸ்க் ஒரு பங்குக்கு 18.80, மொத்தம் சுமார் 2,087. இனி ஒரு டிரேடின் இந்தத் தொகையை ஒரு ஆர் என்று சொல்கிறேன்.

ஸ்டாப் ஆர்டர் எப்போது போடப்படும் என்பதையும் பக்கம் சொல்ல வேண்டும். வாங்கும் ஆர்டரோடு ஸ்டாப்பையும் சேர்த்தே கட்டிப் போடும் வசதி புரோக்கரிடம் இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் வாங்கியதிலிருந்து மதிய ஜன்னல் வரைக்கும் அந்தப் பங்கு ஸ்டாப் இல்லாமல் நிற்கும். மதியம் அந்த ஐந்து நிமிடத்தில் செய்ய வேண்டிய ஒரே வேலை இதுதான்: வாங்கியது நடந்திருக்கிறதா, நடந்திருந்தால் அதே எண்ணிக்கைக்கு ஸ்டாப் உயிரோடு இருக்கிறதா. லாபமா நஷ்டமா என்பது அந்த நேரத்தில் தேவையே இல்லாத தகவல். இன்னொன்று, சில ஆர்டர்கள் அன்றன்று காலாவதியாகும், சில ரத்து செய்யும்வரை நிற்கும். முதல் வகையை இரண்டாவது என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு, அடுத்த நாள் காலையிலிருந்து ஸ்டாப் இல்லை என்பது விலை விழுந்த பிறகுதான் தெரியவரும். அதனால் இரவு வேலையின் முதல் அடி புதுப் பங்கு தேடுவதல்ல. ஆர்டர் பட்டியலைத் திறந்து, கையிலுள்ள ஒவ்வொரு பங்குக்கும் நேராக ஒரு ஸ்டாப் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது.

இரவு என்ற ரிஸ்க்

இதுவரை சொன்னதை ஓரளவு கவனமுள்ள யாரும் எழுதிவிடுவார்கள். என் பக்கத்தைத் தலைகீழாக மாற்றியது இதற்கு அடுத்த கணக்கு. மேலே உள்ள சூத்திரம் ஒன்றை ஊகித்துக்கொள்கிறது: ஸ்டாப் விலைக்கு அருகிலேயே நாம் வெளியேறிவிடுவோம். நாள் முழுக்கப் பார்த்து, மாலையில் எல்லாவற்றையும் விற்றுவிடுபவருக்கு இது ஏறக்குறைய உண்மை. பல இரவுகள் வைத்திருப்பவருக்கு உண்மையில்லை. 394-இல் ஸ்டாப் இருக்கிறது, ஆனால் இரவில் கெட்ட செய்தி வந்து பங்கு 362-இல் திறக்கிறது. 394 என்ற விலையில் அன்று யாரும் வாங்கவே இல்லை. ஸ்டாப் கிடைத்த விலைக்கு விற்கும், இழப்பு பங்குக்கு 50.80, மொத்தம் சுமார் 5,639. திட்டமிட்டதைப் போல 2.7 மடங்கு. வலிக்கும், ஆனால் மொத்த முதலில் இது 1.1 சதவீதம்தான்.

இப்போது அதே விலையில் இன்னொரு பங்கு, ரொம்ப சாதுவானது, ஏடிஆர் வெறும் 3. ஸ்டாப் 406, லிமிட் 413.50, தூரம் 7.50. அதே சூத்திரம் இப்போது 333 பங்கு வாங்கச் சொல்கிறது. அதன் மதிப்பு சுமார் 1,37,700, அதாவது மொத்த முதலில் 27 சதவீதத்துக்கு மேல். காகிதத்தில் இரண்டிலும் ரிஸ்க் ஒரே அரை சதவீதம். ஒரே இரவில் 20 சதவீதம் விழுந்தால் இரண்டாவதில் போவது சுமார் 27,500. அரை சதவீதம் என்று எழுதி வைத்துவிட்டு ஐந்தரை சதவீதம் இழந்திருப்போம், பதினொரு மடங்கு. அமைதியான பங்குதான் நம்மை அதிகமாக வாங்க வைக்கிறது. அந்த அமைதி கடந்த சில வாரங்களைப் பற்றிய தகவல் மட்டுமே, நாளைக்கு வரப்போகும் செய்தியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. சூத்திரத்தில் தவறில்லை. அது பகல் ரிஸ்க்கை மட்டும் அளக்கிறது, நமக்கு இருப்பதில் பெரும்பகுதி இரவு ரிஸ்க்.

ஆகவே பக்கத்தில் இரண்டாவது ஒரு வரம்பு வந்தது. "ஒரு பங்கு ஒரே இரவில் 20 சதவீதம் விழுந்தாலும் இழப்பு மொத்த முதலில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது." கணக்குப் போட்டால் இது எந்தப் பங்கிலும் மொத்த முதலில் பத்தில் ஒரு பாகத்துக்கு மேல், அதாவது 50,000-க்கு மேல் போடாதே என்பதுதான். இரண்டு கணக்கையும் போட்டு, எது சிறிய எண்ணிக்கையோ அதை வாங்க வேண்டும். முதல் பங்கில் இரண்டாவது வரம்பு 120 என்கிறது, சூத்திரம் 111 என்கிறது, ஆகவே 111. சாதுவான பங்கில் சூத்திரம் 333 என்கிறது, வரம்பு 120 என்கிறது, ஆகவே 120. இருபது என்ற எண்ணில் மந்திரம் எதுவுமில்லை. நீங்கள் வாங்கும் வகைப் பங்குகளின் பழைய சார்ட்டுகளில் மிக மோசமான தாவல் எவ்வளவு என்று பார்த்து உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். சின்ன நிறுவனங்களில் அது இன்னும் பெரிதாக இருக்கும்.

இதே கணக்கை மொத்தத்துக்கும் நீட்ட வேண்டும். அதிகபட்சம் ஐந்து பங்குகள் என்று வைத்தால், மொத்த முதலில் பாதி சந்தையில் இருக்கும். ஐந்தும் வேறு வேறு துறையாக இருந்தாலும், சந்தையே 10 சதவீதம் கீழே திறக்கும் காலையில் ஐந்தும் சேர்ந்துதான் விழும். இழப்பு சுமார் 5 சதவீதம், ஸ்டாப்புகள் எங்கே இருந்தன என்பதற்கு அன்று பெரிய அர்த்தம் இருக்காது. அந்த 5 சதவீதத்தை எழுதிப் பார்த்து, அது நடந்த நாளிலும் ஆபீஸுக்குப் போய் வேலை பார்க்க முடியும் என்று தோன்றினால் ஐந்து பங்குகள். இல்லையென்றால் மூன்று. கடன் வாங்கி, மார்ஜினில் இதைச் செய்தால் மேலே சொன்ன இழப்புகள் எல்லாம் அந்த அளவுக்குப் பெருகும், அதனால் பகுதி நேரக்காரரின் பக்கத்தில் மார்ஜினுக்கு இடமில்லை என்பது என் கட்சி.

இதிலிருந்தே ஸ்டாப் எந்த வகை என்பதும் தீர்மானமாகிவிடும். ஸ்டாப் ஆர்டர் இரண்டு விதம். ஒன்று, டிரிகர் தொட்டதும் கிடைத்த விலைக்கு விற்பது. மற்றது, டிரிகர் தொட்டதும் ஒரு லிமிட் விலைக்குக் குறையாமல் விற்க முயல்வது. 394 டிரிகர், 392 லிமிட் என்று இரண்டாவதைப் போட்டவருக்கு, பங்கு 380-இல் திறந்தால் எதுவும் விற்காது. ஆர்டர் வரிசையில் நிற்கும், பங்கு 365-க்குப் போகும், அவர் மாலையில் வந்து பார்ப்பார். ஸ்கிரீன் முன்னால் இருப்பவர் உடனே லிமிட்டைக் கீழே இறக்கிவிடலாம், நம்மால் முடியாது. ஆகவே நமக்குக் கிடைத்த விலைக்கு விற்பதுதான். சந்தையோ புரோக்கரோ அதை அனுமதிக்காவிட்டால் லிமிட்டை டிரிகரிலிருந்து நன்றாகக் கீழே, ஐந்து சதவீதமாவது தள்ளி வைக்க வேண்டும். மோசமான விலையில் விற்றுவிடுவது, விற்காமலே மாட்டிக்கொள்வதைவிட மேல்.

தாவல்களில் ஒரு வகை மட்டும் தேதி சொல்லிவிட்டு வருகிறது: நிறுவனத்தின் ரிசல்ட். அடுத்த ஐந்து வர்த்தக நாட்களுக்குள் ரிசல்ட் இருந்தால் நுழைவதில்லை, கையில் இருக்கும் பங்குக்கு ரிசல்ட் வந்தால் அதற்கு முந்தைய இரவே மறுநாள் விற்கும் ஆர்டர் போடுவது, அதாவது ரிசல்ட் இரவில் அந்தப் பங்கு கையில் இல்லாதபடி ஒரு நாள் முன்னாலேயே கணக்கிடுவது. இந்த விதியால் சில நல்ல தாவல்கள் கை நழுவும். நண்பருக்கு இது இன்னும் பிடிக்கவில்லை. "லாபத்துல இருந்தா வைச்சுக்கலாமே" என்கிறார். வைத்துக்கொள்ளலாம், எவ்வளவு லாபம் இருந்தால் என்று ஒரு எண்ணைச் சொன்னால். இதுவரை அவர் சொல்லவில்லை.

வெளியேறுவது

நம்முடைய 111 பங்குக்குத் திரும்புவோம். வெளியேறும் விதி ஒவ்வொரு இரவும் ஒரே கணக்கு: நுழைந்ததிலிருந்து வந்த மிக உயர்ந்த முடிவு விலையிலிருந்து மூன்று ஏடிஆர், அதாவது 27-ஐக் கழி. அது இப்போதைய ஸ்டாப்பைவிட மேலே இருந்தால் ஸ்டாப்பை அங்கே ஏற்று, இல்லையென்றால் தொடாதே. கீழே இறக்குவது எக்காலத்திலும் இல்லை. ஏடிஆர் நுழைந்த நாளின் 9-ஆகவே நிற்கும். தினமும் புதிய ஏடிஆரைப் போட்டால், பங்கு தடுமாறத் தொடங்கும்போது ஏடிஆர் பெருகி, ஸ்டாப் நெருங்க வேண்டிய நேரத்தில் கணக்கு அதை விலக்கச் சொல்லும்.

முடிவு விலை 421-ஐத் தாண்டும் வரை ஸ்டாப் 394-லேயே கிடக்கும். 440-இல் முடிந்த இரவில் அது 413-க்கு ஏறும், அன்று முதல் தாவல் இல்லாதவரை இந்த டிரேடில் முதலுக்கு மோசமில்லை. 458-இல் முடிந்தபோது 431. அதற்கப்புறம் பங்கு இறங்கி, ஒரு மதியம் ஸ்டாப் தொட்டு 430.60-க்கு விற்றது. லாபம் பங்குக்கு 17.80, மொத்தம் சுமார் 1,976, ஒரு ஆருக்குச் சற்றுக் குறைவு. 458-இல் இருந்தபோது கையில் 2.4 ஆர் தெரிந்தது. உச்சியில் விற்றிருக்கலாமே என்று யாரும் சொல்வார்கள். 458 தான் உச்சி என்பது அந்த இரவில் தெரிந்திருக்க வழியில்லை, ஐந்தாறு ஆர் தரும் டிரேடும் அதே 458 வழியாகத்தான் போயிருக்கும். இந்தச் சாதாரண முடிவை வேண்டுமென்றேதான் உதாரணமாக எடுத்தேன், ஏனென்றால் பெரும்பாலான டிரேடுகள் இப்படித்தான் முடியும்.

இன்னொரு வெளியேற்றமும் உண்டு. பத்து வர்த்தக நாட்கள் கழிந்தும் முடிவு விலை நுழைந்த இடத்திலிருந்து ஒரு ஆர் கூட மேலே போகவில்லை என்றால் அடுத்த நாள் திறக்கும்போது விற்றுவிடுவது. ஐந்து இடங்கள்தான் இருக்கின்றன, நகராத பங்கு ஒவ்வொன்றும் ஒரு இடத்தை அடைத்துக்கொண்டு ஒவ்வொரு இரவும் தாவல் ரிஸ்க்கைச் சுமக்கிறது.

பக்கத்தின் அடிப்பகுதி

கடைசி சில வரிகள் பக்கத்தையே காப்பாற்றுவதற்கு. உச்சத்திலிருந்து கணக்கு 6 சதவீதம் இறங்கினால் அந்த மாதம் முடியும்வரை புது நுழைவு இல்லை. ஏன் ஆறு? இந்த மாதிரி முறைகளில் பத்தில் நாலு டிரேடு ஜெயிப்பது சகஜம். அப்படியானால் எந்த ஒரு ஐந்து டிரேடும் வரிசையாகத் தோற்க 7.8 சதவீத வாய்ப்பு இருக்கிறது, ஐம்பது டிரேடுக்குள் அப்படி ஒரு வரிசை வராவிட்டால்தான் ஆச்சரியம். ஐந்து தோல்வி என்பது இரண்டரை சதவீதம். 3 சதவீதத்தில் நிறுத்தினால் சாதாரண வரிசையே நம்மை நிறுத்திவிடும், பிறகு முறை திரும்பும்போது நாம் வெளியே இருப்போம். ஆறு சதவீதம் என்றால் குறைந்தது பன்னிரண்டு ஆர், அங்கே ஏதோ மாறியிருக்கிறதா என்று நின்று பார்ப்பது நியாயம்.

பதிவேட்டில் ஒவ்வொரு டிரேடுக்கும் நேராக எத்தனை ஆர் என்று எழுதுவதோடு, விதிப்படி நடந்ததா மீறி நடந்ததா என்று ஒரு பத்தியும் வேண்டும். கூட்டும்போது இரண்டையும் தனித்தனியாகக் கூட்ட வேண்டும். பத்தில் நாலு ஜெயித்து, ஜெயிப்பது சராசரி 2 ஆர், தோற்பது 1 ஆர் என்றால் டிரேடுக்கு 0.2 ஆர் மிஞ்சும். இவ்வளவு மெல்லிய லாபத்தில், மேசைக்குக் கீழே போட்ட நாலைந்து ஆர்டர்கள் கலந்தால் முறை நன்றாக இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போகும். மீறல்களின் கூட்டல் லாபமாக வந்தாலும் தனியாகத்தான் நிற்க வேண்டும்.

விதியை மாற்றுவதற்கும் விதி உண்டு. விதிப்படி நடந்த முப்பது டிரேடுகள் முடியும்வரை எதையும் தொடுவதில்லை. அதற்கப்புறமும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வரி, சந்தை மூடியிருக்கும் நாளில், மேலே தேதி போட்டு. முப்பது என்பதும் குறைவான எண்தான், அதை வைத்துப் பெரிதாக எதையும் நிரூபிக்க முடியாது. ஸ்டாப் தூரமும் வரம்புகளும் தெளிவாக வேலை செய்கின்றனவா என்று மட்டும் தெரியும். என் பக்கத்தில் இப்போதைக்குச் சந்தேகக் குறி போட்டு வைத்திருப்பது அந்தப் பத்து நாள் விதிக்குத்தான். பதினைந்தாக இருந்திருந்தால் சில டிரேடுகள் பிழைத்திருக்கும் என்று தோன்றுகிறது, ஆனால் வேறு சில இன்னும் கீழே போயிருக்கும். விற்ற பிறகு அடுத்த ஐந்து நாள் அந்தப் பங்கு என்ன ஆனது என்று பதிவேட்டில் இன்னொரு பத்தி சேர்த்திருக்கிறேன். முப்பது சேர்ந்ததும் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.